ஒரு புரிக்கு 1.2 மடங்கு

என் மேசை மேல் ஒரு சங்கு கிடக்கிறது. பூசைச் சங்கு அல்ல. திருகாணி போல ஒல்லியாக நீண்டு, நுனி கூர்ந்த சின்ன வகை. துரிட்டெல்லா என்பது இதன் பேரினப் பெயர். கடற்கரையில் காலைநடையின்போது பொறுக்கி வந்தது. இரண்டு மாதம் காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்ததைத் தவிர அதற்கு வேறு வேலையில்லை.

விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, இதை பைத்தான்ல வரைஞ்சிடலாம். பத்து வரிதான்." பொறியியல் இரண்டாம் ஆண்டு, அந்த வயதில் எல்லாமே பத்து வரிதான். அவன் சொன்னது பொய்யில்லை, கடைசியில் பத்துப் பதினைந்து வரிதான் ஆயிற்று. ஆனால் சரியான அந்த வரிகளுக்கு வந்து சேர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

அவனுடைய முதல் முயற்சி அரை மணி நேரத்தில் திரையில் வந்தது. யோசனை எளிமையானது. ஒரு புள்ளி வட்டமாகச் சுற்றிக்கொண்டே கீழே இறங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆரம் கொஞ்சம் கூட வேண்டும், உயரமும் கொஞ்சம் கூட வேண்டும். `t` என்ற ஒரே எண்ணை ஓடவிட்டு, அதிலிருந்தே இடவலம், முன்பின், மேல்கீழ் என மூன்று அளவுகளையும் கணக்கிடுவது. பள்ளிப் பாடப்புத்தகம் இதைத் துணையலகுச் சமன்பாடு என்று சொல்லும். `t` ஒரு கடிகார முள் என்று வைத்துக்கொள்ளலாம். அது 2π, அதாவது ஏறத்தாழ 6.28, நகர்ந்தால் ஒரு முழுச் சுற்று. `cos(t)`, `sin(t)` இரண்டும் சேர்ந்து புள்ளியை வட்டத்தில் ஓட்டும். ஆரத்தால் பெருக்கினால் வட்டம் பெரிதாகும்.

அவன் எழுதியதில் ஆரம் சுற்றுக்கு 0.65 கூடியது, உயரம் சுற்றுக்கு 2 கூடியது. எட்ட நின்று பார்த்தால் கூம்பு போல, சங்கு மாதிரியே இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்த எனக்குப் பழைய சோபாவைக் கிழித்தால் உள்ளிருந்து எட்டிப்பார்க்கும் ஸ்பிரிங்தான் நினைவுக்கு வந்தது. சொன்னேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

எது தப்பு என்று ஊகிப்பதை விடச் சங்கையே கேட்டுவிடலாம் என்று வெர்னியர் அளவியை எடுத்தோம். சங்கின் ஒவ்வொரு சுற்றையும் புரி என்று சொல்கிறோமே, வலம்புரியில் வரும் அதே புரி, அந்தப் புரிகளின் அகலத்தை நுனிப்பக்கமிருந்து வாய்ப்பக்கமாக அளந்தோம். கடைசி ஐந்து புரிகள், மில்லிமீட்டரில்: 7.2, 8.7, 10.4, 12.5, 15.0.

கழித்துப் பாருங்கள். அடுத்தடுத்த வித்தியாசம் 1.5, 1.7, 2.1, 2.5. ஒரே அளவாகக் கூடவில்லை, கூடுதலே கூடிக்கொண்டு போகிறது. இப்போது வகுத்துப் பாருங்கள். 1.21, 1.20, 1.20, 1.20. அளவியைப் பிடித்த கை நடுக்கத்தைக் கழித்துவிட்டால் எல்லாம் ஒரே எண்தான். சங்கு கூட்டவில்லை, பெருக்குகிறது. வங்கிக்காரர் மொழியில் சொன்னால், அவன் போட்டது தனிவட்டி; சங்கு போடுவது கூட்டுவட்டி, புரிக்கு 20 சதவீதம்.

ஏன் பெருக்க வேண்டும் என்பதற்கு விடை அந்தப் பிராணியின் நெருக்கடியில் இருக்கிறது. உள்ளே குடியிருக்கும் நத்தைக்குத் தன் வீட்டைப் பின்பக்கம் இடித்துக் கட்ட வழியில்லை. வாய் விளிம்பில் மட்டுமே சுண்ணாம்பை வைத்து நீட்டிக்கொண்டு போக முடியும். பழைய புரிகள் கட்டியது கட்டியபடியே நிற்கும். அப்படியிருந்தும் குட்டியாக இருந்தபோது எந்த வடிவமோ, பெரிதானபோதும் அதே வடிவம் வேண்டும், ஏனென்றால் உடம்பின் வடிவம் மாறவில்லை, அளவுதான் மாறியது. இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒன்றாக நிறைவேற ஒரே வழி, ஒவ்வொரு சுற்றிலும் எல்லா அளவுகளும் ஒரே விகிதத்தில் பெருகுவது. 1838-இல் ஹென்றி மோஸ்லி என்ற ஆங்கிலேயர் சங்குகளை அளந்து இதை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். 1917-இல் டார்சி தாம்ப்சன் வளர்ச்சியையும் வடிவத்தையும் பற்றிய தன் பெரிய நூலில் ஒரு முழு அத்தியாயத்தை இதற்கு ஒதுக்கினார்.

கூட்டலையும் பெருக்கலையும் குழப்பிக்கொண்டதற்காக என் மருமகன் வெட்கப்பட வேண்டியதில்லை. பெருக்கிக்கொண்டே விரியும் சுருளுக்கு மடக்கைச் சுருள் என்று பெயர். யாக்கோப் பெர்னோலி என்ற கணிதமேதை அதன்மேல் உயிரையே வைத்திருந்தார், தன் கல்லறையில் அதைச் செதுக்கவேண்டும் என்று விரும்பினார். 1705-இல் இறந்தார். பாசல் நகரத்துப் பேராலயத்தில் இருக்கும் அவருடைய கல்லில் சிற்பி செதுக்கி வைத்ததோ சீராகக் கூட்டிக்கொண்டே போகும் ஆர்க்கிமிடீஸ் சுருள். மூன்று நூற்றாண்டாக அந்தத் தப்பு அங்கேயே இருக்கிறது.

"சரி மாமா, ஆரத்தை 1.2-ஆல பெருக்கிடறேன்" என்று உட்கார்ந்தான். பெருக்கினான். கூடவே கம்பி போல இருந்த கோட்டைக் குழாயாக மாற்றி, குழாயின் தடிமனையும் பெருக்கினான். உயரத்தை மட்டும் சுற்றுக்கு 2 என்று பழையபடி விட்டுவிட்டான். இதுதான் எல்லாரும் செய்யும் தப்பு என்று நினைக்கிறேன். ஆரம் வளர்வது கண்ணுக்குத் தெரிகிறது. புரிகளுக்கு இடையிலான உயரமும் வளர வேண்டும் என்பது தோன்றுவதில்லை.

திரையில் வந்தது வினோதமாக இருந்தது. மேலே புரிகள் ஒன்றையொன்று தொடாமல் கம்பிச்சுருளாகத் தொங்கின. கீழே வர வரக் குழாய் பருத்து, ஒரு புரி அடுத்ததை அப்படியே விழுங்கியிருந்தது. பக்கவாட்டுக் கோடும் நேராக இல்லை. நாகஸ்வரத்தின் வாய் போல அடியில் விரிந்து போயிற்று. கணக்கு போட்டால் காரணம் புரிந்துவிடும். பன்னிரண்டு சுற்றில் 1.2 மடங்கு வட்டி 8.9 மடங்காகிவிடுகிறது. குழாயின் ஆரம் 1-இலிருந்து 8.9 ஆகிவிட்டது, அடுத்த புரி மட்டும் இன்னமும் 2 அடிதான் கீழே இறங்குகிறது. எங்கே இடம்?

ஆக, ஆரம், உயரம், குழாயின் பருமன் மூன்றையும் பெருக்க ஒரே எண் வேண்டும். அதை `k` என்று வைத்தோம். நிரலின் உயிர் இந்தச் சில வரிகளில்தான்:

```python
import numpy as np

W, R, H, a = 1.2, 1.0, 10.0, 1.0

t = np.linspace(-6*2*np.pi, 12*2*np.pi, 720)
s = np.linspace(0, 2*np.pi, 40)
t, s = np.meshgrid(t, s)

k = W ** (t / (2*np.pi))
x = k * (R + a*np.cos(s)) * np.cos(t)
y = k * (R + a*np.cos(s)) * np.sin(t)
z = -k * (H + a*np.sin(s))
```

`t` சங்கைச் சுற்றி ஓடுகிறது. `s` குழாயின் விளிம்பைச் சுற்றி ஓடுகிறது. `W` என்பது ஒரு புரிக்கான பெருக்கம். `R` நடு அச்சிலிருந்து குழாயின் மையம் எவ்வளவு தள்ளி, `H` நுனியிலிருந்து எவ்வளவு கீழே, `a` குழாய் எவ்வளவு பருமன். `z`-க்கு முன்னால் கழித்தல் குறி இருப்பது நுனி மேலே நிற்பதற்காக. `k` ஒவ்வொரு வரியிலும் வெளியே நின்று எல்லாவற்றையும் பெருக்குகிறது என்பதைப் பாருங்கள். ஏதாவது ஒரு வரியில் அது விடுபட்டாலும் நாகஸ்வரம் திரும்பி வந்துவிடும்.

`k` எழுதும் வரியில் வகுத்தல் குறி ஒன்றுதான் இருக்க வேண்டும். இவன் ஒருமுறை `//` என்று இரண்டு போட்டுவிட்டான். அது மிச்சத்தைத் தள்ளி முழுச் சுற்றுகளை மட்டும் எண்ணும். சுற்று முடியும் இடத்தில் மட்டும் அளவு தாவி, குழாயில் மாடிப்படி போல முறிவு விழும். இன்னொரு வழியும் உண்டு, சுழற்சிக்குள் படிப்படியாகப் பெருக்குவது. அதில் ஒரு சுற்றுக்கு 40 படி வைத்து, ஒவ்வொரு படிக்கும் 1.2-ஆல் பெருக்கினால், முதல் சுற்று முடிவதற்குள் சங்கு 1470 மடங்கு ஆகிவிடும். திரை வெறுமையாகத் தெரிந்தால் இதைச் சந்தேகிக்கலாம். படிக்கு வேண்டியது 1.2-இன் நாற்பதாவது மூலம், 1.0046 மட்டுமே.

`W` அளவியிலிருந்து வந்தது. மற்ற மூன்று எண்கள் எங்கிருந்து வந்தன? `R` வெறும் அளவுகோல். 1 என்று வைத்துக்கொண்டோம். இந்தச் சங்கின் அடியில் நடுவே துளை இல்லை, குழாயின் உள்பக்கம் அச்சைத் தொட்டுவிடுகிறது. ஆகவே `a`-வும் 1. `H`-க்குத்தான் கொஞ்சம் உழைக்க வேண்டியிருந்தது. சங்கின் நீளம் 43 மில்லிமீட்டர், அகலம் 15. நம் குழாய்ச்சங்கில் வலப்பக்கம் அச்சிலிருந்து 2 அலகு நீள்கிறது. இடப்பக்கம் தெரிவது அரைச் சுற்று பழைய பகுதி என்பதால் கொஞ்சம் சிறியது, 1.8 தான். அகலம் 3.8 அலகு. நீளம் அதே விகிதத்தில் 43-ஐ 15-ஆல் வகுத்து 3.8-ஆல் பெருக்கினால் 10.9. அதில் கடைசி 1 குழாயின் அடிப்பாதி. மிச்சம் ஏறத்தாழ 10, அதுதான் `H`.

இந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று படம் வரையாமலே சோதித்துவிட முடியும். ஒரு புரியின் மையம் 10 அலகு ஆழத்தில் இருந்தால் அடுத்ததன் மையம் 12-இல். இடைவெளி 2. பக்கவாட்டு நகர்வையும் சேர்த்தால் 2.01. முதல் குழாயின் ஆரம் 1, அடுத்ததன் ஆரம் 1.2, இரண்டும் சேர்த்து 2.2. இடைவெளியை விட இது கொஞ்சம் அதிகம், ஆகவே புரிகள் ஒட்டி நிற்கும், நடுவே ஒரு மெல்லிய பள்ளம் தெரியும். `H`-ஐ 12 ஆக்கினால் இடைவெளி 2.4 ஆகி, புரிகள் பிரிந்து வெளிச்சம் தெரியும். 6 ஆக்கினால் 1.2 தான், ஒன்றுக்குள் ஒன்று புதைந்துவிடும். ஒரு ஜோடிப் புரிக்கு இந்தக் கணக்கு சரியானால் எல்லா ஜோடிக்கும் சரி, ஏனென்றால் எல்லாமே `k`-ஆல் பெருகுகிறது. அந்தச் சௌகரியம் ஸ்பிரிங்கில் கிடையாது.

அடுத்தது வரைவது. மேட்பிளாட்லிப்பைத் திறந்தோம்.

```python
import matplotlib.pyplot as plt

ax = plt.figure().add_subplot(projection='3d')
ax.plot_surface(x, y, z, rcount=40, ccount=720)
ax.set_aspect('equal')
plt.show()
```

இப்படி எழுதுவதற்கு முன் `rcount`, `ccount` இல்லாமல் எழுதியிருந்தான். வந்த படத்தைப் பார்த்ததும் இருவரும் திடுக்கிட்டோம். முறுக்கிப் பிழிந்த அட்டைப்பெட்டி போல, மூலைமூலையாக ஒரு உருவம். சமன்பாட்டில்தான் கோளாறு என்று ஒரு மணி நேரம் `sin`, `cos` எல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்தோம். தப்பு அங்கே இல்லை. நாம் 720 புள்ளி கொடுத்தாலும், `plot_surface` வேகத்துக்காகத் தானாகவே ஒரு பக்கத்துக்கு 50 புள்ளியை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. பதினெட்டுச் சுற்றுக்கு 50 புள்ளி என்றால் ஒரு சுற்றுக்கு மூன்றுகூட இல்லை. வட்டத்தை மூன்று புள்ளியில் வரைந்தால் முக்கோணம்தானே வரும்! சமன்பாட்டைக் கை வைக்குமுன் `x`, `y` எண்களை எடுத்து ஒரு சுற்றை மட்டும் தட்டையாக `plot` செய்து பார்த்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் மிஞ்சியிருக்கும். வட்டம் ஒழுங்காக வந்தால் குற்றம் கணக்கில் இல்லை, வரைவதில்.

`set_aspect('equal')` என்ற வரியும் அலங்காரத்துக்கு இல்லை. அது இல்லாவிட்டால் மூன்று அச்சுகளையும் இழுத்து ஏறக்குறைய கனசதுரப் பெட்டிக்குள் அடைத்துவிடும். ஒல்லியான துரிட்டெல்லா குண்டுப் பம்பரமாகத் தெரியும். மேட்பிளாட்லிப் 3.6-க்கு முந்தைய சில பதிப்புகளில் முப்பரிமாணப் படத்துக்கு இந்த வரி பிழை காட்டும், அப்போது `set_box_aspect` வைத்துக் கையால் விகிதம் கொடுக்க வேண்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சங்கு திரையில் நின்றது. நுனியிலிருந்து அடி வரை நேர்க்கோட்டுப் பக்கங்கள், புரிகளுக்கிடையே கீழே போகப் போக அகலும் பள்ளம். அக்கா காபி கொண்டுவந்தவள் சங்கைக் கையில் எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"ஏண்டா, இது வாய் வலப்பக்கம் இருக்கு. உங்க படத்துல இடப்பக்கமா இருக்கே?"

இருந்தது. நாள் முழுக்க நாங்கள் கவனிக்கவேயில்லை. நுனியை மேலே வைத்து வாயை நம் பக்கம் திருப்பினால், பெரும்பாலான சங்குகளில் வாய் வலக்கைப் பக்கம் இருக்கும். நுனிக்கு மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் விரிந்துகொண்டு போகும். நம் சமன்பாட்டிலோ `t` கூடும்போது புள்ளி, கணித வழக்கப்படி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. கீழே இறங்கிக்கொண்டே அப்படி ஓடினால் கிடைப்பது கண்ணாடியில் தெரியும் சங்கு. அளவிலும் விகிதத்திலும் ஒரு பிசகும் இல்லை, கைதான் மாறிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் எடுக்கும் பூசைச் சங்கான டர்பினெல்லா பைரம் இனத்திலும் வழக்கமானவை நுனி மேலாகப் பிடித்தால் வலப்பக்கம் வாய் திறப்பவைதான். அபூர்வமாகக் கிடைக்கும் எதிர்ச்சுழியைத்தான் நாம் வலம்புரி என்று போற்றுகிறோம். விலங்கியல் புத்தகத்தில் அதே சங்கு இடச்சுழி என்று இருக்கும். யாரும் தப்பில்லை, பூசையில் சங்கைப் பிடிக்கும் முறையில் நுனி கீழேயும் நீண்ட வால்பக்கம் மேலேயும் இருக்கிறது, விலங்கியலார் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் எங்கள் நிரல் அன்று ஆறு மணி வரை எதிர்ச்சுழிச் சங்கைத்தான் இலவசமாகச் செய்துகொண்டிருந்தது. `y` வரியில் `np.sin(t)`-க்கு முன் ஒரு கழித்தல் குறி போட்டதும் வாய் வலப்பக்கம் வந்துவிட்டது.

இதே நான்கு எண்களோடு விளையாடினால் வேறு வேறு சங்கினங்களுக்குப் போகலாம். `H`-ஐ 0 ஆக்கி `W`-ஐ 3 பக்கம் கொண்டுபோனால் தட்டையாகச் சுருண்ட நாட்டிலஸ் வரும். அதில் பொன்விகிதம் ஒளிந்திருக்கிறது என்று வாட்ஸப்பில் வருவதை நம்ப வேண்டாம்; பொன்விகிதச் சுருள் ஒரு சுற்றில் 6.85 மடங்கு விரியும், நாட்டிலஸ் விரிவது ஏறத்தாழ மூன்று மடங்கு. டேவிட் ராப் என்ற தொல்லுயிரியலார் 1960-களில் இத்தகைய சில எண்களை வைத்தே சங்கு உலகம் முழுவதையும் வகுக்கப் பார்த்தார். 1965-இல் அவரும் மைக்கேல்சனும் அனலாக் கணினியோடு ஆஸிலோஸ்கோப்பை இணைத்து, குமிழைத் திருகத் திருகத் திரையில் சங்கு மாறுவதைக் காட்டினார்கள். இயற்கையில் இல்லாத சங்குகளும் அவர்கள் திரையில் தோன்றின. ஏன் இவை இல்லை என்பது அவருக்குப் பிடித்த கேள்வியாக இருந்தது.

நம் படத்திலும் பொய் இருக்கிறது. உண்மைத் துரிட்டெல்லாவின் வாய் சரியான வட்டமில்லை, புரிமேல் சுற்றி ஓடும் வரப்புகள் நம்மிடம் இல்லை, வயது ஏற ஏற `W` துளி மாறவும் செய்யும். துரிட்டெல்லாவின் சொந்தக்காரனான வெர்மிக்குலேரியா இளமையில் ஒழுங்காகச் சுருண்டுவிட்டுப் பிறகு சுருளை அவிழ்த்துப் புழு போலக் கண்டபடி நெளிந்து வளர்கிறது. ஒரே `W`, ஒரே `H` என்று பிடிவாதம் பிடிக்கும் சமன்பாட்டுக்கு அது அடங்காது.

நுனியில் இன்னொரு பொய். முதலில் `t`-ஐ 0-விலிருந்து தொடங்கியபோது சங்கின் தலை வெட்டினது போல மொட்டையாக இருந்தது. 15 மில்லிமீட்டர் சங்கில் அது 1.7 மில்லிமீட்டர் அகலம். அதனால்தான் நிரலில் `t` கழித்தல் ஆறு சுற்றிலிருந்து தொடங்குகிறது. ஆறு புரி பின்னோக்கிப் போனால் அகலம் 0.56 மில்லிமீட்டர். இன்னும் ஆறு போனால் 0.19. 1.2-ஆல் வகுத்துக்கொண்டே போகலாம், பூச்சியம் வரவே வராது. சமன்பாட்டின்படி இந்தச் சங்குக்கு முதல் புரி என்று ஒன்று கிடையாது.

நிசச் சங்கின் நுனியைக் கைலென்ஸில் பார்த்தோம். வரப்பெல்லாம் அங்கே தேய்ந்து மறைந்து, மணல் அளவுக்கு வழவழப்பாக ஒரு சின்ன உருண்டை இருந்தது. நத்தை தன் வாழ்வின் தொடக்கத்திலேயே செய்துகொண்ட முதல் வீடு அது. அதை எப்படிச் சேர்ப்பது என்று யோசித்த மருமகன், கடைசியில் நுனியில் ஒரு குட்டிக் கோளத்தை வரைந்து ஒட்டவைத்துவிட்டான்.